மீம் இன்னும் சூடாக இருக்கிறதா? பிராண்ட் பக்கத்தில் போடும் முன் பார்க்கும் முறை

ஒரு நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்தை முதல்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது: எல்லோரும் ஒரு மீமைப் பகிர்கிறார்கள், நாமும் போடலாமா, நேரம் கடந்துவிட்டதா? தமிழர்கள் நன்கறிந்த 'நேசமணி' மீமை வைத்தே பார்ப்போம்.

படி 1: நிகழ்வு மீமா, டெம்ப்ளேட்டா?

2019 மே மாதக் கடைசியில் ஒரு முகநூல் பக்கம் சுத்தியல் படம் போட்டு, 'இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?' என்று கேட்டது. 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் இது விழுந்த கதையை ஒருவர் நிஜம்போலப் பதிலாக எழுதினார். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பு கிளம்ப, மே 29 அன்று `#Pray_for_Neasamani` ட்விட்டரில் உலக அளவில் ட்ரெண்டானது.

இதில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. நேசமணி என்ற பாத்திரமும் அவர் முகபாவனைகளும், புதுப்புது வசனம் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் டெம்ப்ளேட். அதற்கு முன்பும் ஓடியது, இன்றும் ஓடுகிறது. 'நேசமணி குணமடையப் பிரார்த்திப்போம்' என்பது நிகழ்வு. அதன் ஆயுள் சில நாட்கள்தான். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். டெம்ப்ளேட் உயிரோடு இருப்பதைப் பார்த்து நிகழ்வும் உயிரோடு இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள்.

டெம்ப்ளேட் என்றால் அவசரமே இல்லை, நல்ல வசனம் கிடைக்கும்போது போடலாம். கீழே வரும் படிகள் நிகழ்வு மீமுக்கு.

படி 2: வயதை அளந்து பாருங்கள்

trends.google.com தளத்தில் மீமின் முக்கியச் சொல்லைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியாகத் தேடுங்கள். இடத்தைத் தமிழ்நாடு என்றும் காலத்தைக் கடந்த 7 நாட்கள் என்றும் வையுங்கள். இந்த அளவில் மணிக்கணக்கில் புள்ளிகள் கிடைக்கும். ஒரு வருடம் என்று வைத்தால் வாரத்துக்கு ஒரு புள்ளிதான் வரும். இரண்டே நாளில் ஓர் அலை எப்போது ஏறி எப்போது இறங்கியது என்பது அதில் தெரியாது.

தேடல் உச்சத்தில் இருந்த நேரம் 100 என்று காட்டப்படும். கோடு இன்னும் ஏறுகிறது என்றால் நீங்களும் போடலாம். உச்சம் முடிந்து பாதிக்குக் கீழே வந்துவிட்டால் நாங்கள் விட்டுவிடச் சொல்வோம். வலது ஓரத்தில் புள்ளிக்கோடாக வரும் பகுதி முழுமையடையாத தரவு. அதை வைத்து ஏறுகிறது, இறங்குகிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

எண்ணைவிட நம்பகமான அறிகுறி, பதிவுகளின் தன்மை. எக்ஸ் தளத்தில் தேடி Latest பகுதியைப் படியுங்கள். ஆட்கள் புதுத் திருப்பம் சேர்த்துக்கொண்டிருந்தால் மீம் இளமையாக இருக்கிறது. 'யார் இந்த நேசமணி?' என்று செய்தித்தளங்கள் விளக்கம் போட ஆரம்பித்தால் அது உச்சம். 'போதும்டா சாமி' என்ற சலிப்பே மிகுதியாகத் தெரிந்தால் கதை முடிந்தது.

படி 3: உங்கள் ஒப்புதலுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

எழுத ஒரு மணி, வடிவமைக்க இரண்டு மணி, மேலாளர் பார்க்க அரை நாள், வாடிக்கையாளர் பார்க்க மறுநாள் என்றால், இன்று சூடாக இருக்கும் மீம் உங்களுக்கு நாளையோ நாளை மறுநாளோதான் கிடைக்கும். 2013 பிப்ரவரி 3 அன்று அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தில் சுமார் 34 நிமிடம் மின்சாரம் தடைபட்டபோது, இருட்டிலும் பிஸ்கட்டை முக்கிச் சாப்பிடலாம் என்று ஓரியோ உடனே ட்வீட் போட்டது. ஒப்புதல் தர வேண்டியவர்கள் அப்போதே தயாராக உட்கார்ந்திருந்ததால்தான் அது முடிந்தது.

அவசரத்தில் விடக்கூடாத ஒரு சோதனை உண்டு: ஹேஷ்டேக்கின் பொருளைப் படித்துப் பார்ப்பது. 2014 செப்டம்பரில் டிஜோர்னோ பீட்சா `#WhyIStayed` என்ற ஹேஷ்டேக்கில் பீட்சா நகைச்சுவை எழுதியது. வன்முறை நிறைந்த உறவில் ஏன் தங்கியிருந்தோம் என்று பெண்கள் பகிர்ந்துகொண்டிருந்த இடம் அது. பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. முதல் இருபது பதிவுகளைப் படிக்க ஐந்து நிமிடம் போதும்.

படி 4: ஒரு கடையை வைத்துப் பார்ப்போம்

இரும்புக் கருவிகள் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மே 29 மதியம் தன் சுத்தியல் படத்தைப் போட்டு, 'கைப்பிடி கழன்று விழாது, நேசமணி அண்ணனுக்கு இதை வாங்கிக் கொடுத்திருக்கலாம்' என்று எழுதினால் எடுபடும். பொருள் பொருந்துகிறது, கதைக்குப் புதிதாக ஒரு வரியும் சேர்கிறது. ஜூன் 5 அன்று 'நேசமணி சீக்கிரம் குணமடையட்டும்' என்று எழுதிக் கீழே லோகோ வைத்தால் பரிதாபமாக இருக்கும். எல்லோரும் சேர்ந்து கதை கட்டியதுதான் அதன் சுவை. கூட்டம் கலைந்தபின் பழைய வரியைத் திரும்பச் சொல்வதால், இந்தப் பக்கத்தில் யாரும் நடப்பைக் கவனிப்பதில்லை என்பதுதான் வாசகருக்குத் தெரிகிறது.

சரியான நேரத்தில் போட்டவர்கள்கூடத் தவறும் இடம் ஒன்று: நன்றாகப் போன பதிவைப் பணம் கட்டி ஒரு வாரம் விளம்பரமாக ஓட்டுவது. ஏழாம் நாள் அதை முதல்முறை பார்ப்பவருக்கு நீங்கள் தாமதமாக வந்தவர்தான். நிகழ்வு மீமுக்குப் பணம் போட்டே ஆக வேண்டுமென்றால் 24 மணி நேரத்தில் நிறுத்துங்கள். அட்டவணையில் வரிசையாக வைத்திருக்கும் பதிவுகளையும் தினமும் காலையில் திறந்து, நேற்றைய மீம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.