கருமணலில் ஒட்டிக்கிடக்கும் காமா முகடுகளைப் பிரிப்பது எப்படி

வலிநோக்கம் பக்கம் கடற்கரையில் நடந்தால் அலை ஏறி இறங்கும் விளிம்பில் சில இடங்களில் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கும். லேசான மணலை அலை இழுத்துக்கொண்டு போய்விட, கனமான தாதுக்கள் மட்டும் அங்கே தங்கிவிடுகின்றன. அவற்றோடு மோனசைட் துகள்களும் இருந்தால் அந்தக் கோட்டில் தோரியம் கூடுதலாக இருக்கும். மண்டபம் பக்கம் கிடைக்கும் சிப்பித்தூள் கலந்த வெளிர் மணல் இதற்கு நேர் எதிர். இந்த இரண்டு மணலிலும் தோரியம், யுரேனியம் வழிவந்த தனிமங்கள், பொட்டாசியம் ஆகியவை எவ்வளவு இருக்கின்றன என்று காமா கதிர்களை வைத்து அளக்க விரும்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் முதலில் கருமணலை அளந்தபோது பொட்டாசியம் உண்மையைவிட நிறையக் கூடுதலாக வந்தது. டிடெக்டரில் பழுது எதுவும் இல்லை. இரண்டு முகடுகளை ஒன்றென்று நினைத்து எண்ணிவிட்டேன். அந்தத் தவறு எப்படி நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

கீழே ஆற்றல் என்று வரும் எண்கள் எல்லாம் கிலோ எலக்ட்ரான்வோல்ட் கணக்கில். அலகை ஒவ்வொரு முறையும் எழுதவில்லை.

படி 1: உங்கள் டிடெக்டரின் அகலத்தை முதலில் அளந்துவிடுங்கள்

ஒரே ஆற்றல் கொண்ட காமா கதிர்கள்தான் வருகின்றன என்றாலும் நிறமாலையில் அது ஊசிபோல ஒற்றைக் கோடாக விழாது. மணி வடிவில் ஒரு முகடாக விரியும். அந்த முகட்டின் பாதி உயரத்தில் அகலம் எவ்வளவு என்பதே அரை உயர அகலம், சுருக்கமாக FWHM. அதை முகட்டின் ஆற்றலால் வகுத்து நூறால் பெருக்கினால் பிரிதிறன் சதவீதத்தில் கிடைக்கும்:

```
R (%) = FWHM / E × 100
```

சீசியம்-137 சோதனை மூலத்தை வைத்து 662இல் வரும் முகட்டை அளந்து பாருங்கள். சோடியம் அயோடைடு சிண்டிலேட்டரில் பிரிதிறன் 7 சதவீதம் வந்தால் நல்ல டிடெக்டர்தான். அப்படியென்றால் அகலம் சுமார் 46. உயர்தூய ஜெர்மானியத்தில் அதே இடத்தில் அகலம் 1.3 அல்லது 1.4 வரும். முப்பது மடங்குக்கு மேல் குறுகல்.

இவ்வளவு வித்தியாசம் எதனால் வருகிறது? சிண்டிலேட்டரில் காமா கதிரின் ஆற்றல் முதலில் ஒளியாக மாறுகிறது. அந்த ஒளியில் ஒரு பகுதி போட்டோமல்டிப்ளையர் குழாயின் முகப்பில் பட்டு எலக்ட்ரானைக் கிளப்புகிறது. 662 ஆற்றலுக்குச் சுமார் 25,000 ஒளித்துகள்கள் பிறந்தாலும் கடைசியில் எலக்ட்ரானாக மிஞ்சுவது ஆறாயிரம் அளவுதான். எண்ணிக்கை குறையக் குறைய ஏற்ற இறக்கம் பெரிதாகும், முகடும் அகலமாகும். போதாததற்கு, படிகம் ஆற்றலுக்குச் சரியான விகிதத்தில் ஒளி தருவதும் இல்லை. ஜெர்மானியத்தில் இந்த இடைவழி கிடையாது. கதிர் நேரடியாக எலக்ட்ரான்–துளை ஜோடிகளை உண்டாக்குகிறது. ஒரு ஜோடிக்குச் சுமார் 3 எலக்ட்ரான்வோல்ட் போதும் என்பதால் அதே 662இல் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஜோடிகள் கிடைக்கின்றன. அந்த ஜோடிகளின் எண்ணிக்கையும் சாதாரணப் புள்ளியியல் சொல்வதைவிடக் குறைவாகவே ஏறி இறங்கும். ஃபேனோ காரணி என்பது இதைத்தான் குறிக்கிறது.

662இல் மட்டும் அளந்து நிறுத்திவிடாதீர்கள். ஆற்றல் ஏற ஏற அகலமும் கூடும். தனித்து நிற்கும் ஐந்தாறு முகடுகளின் அகலத்தை அளந்து, ஆற்றலுக்கு எதிராக ஒரு வரைபடம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வேலை முழுக்க இந்த வரைபடத்தை நம்பித்தான் நடக்கும்.

படி 2: மணலைத் தயார் செய்தல்

மணலைக் காயவைத்து, சலித்து, எடை போட்டு, காற்று புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து நான்கு வாரம் வையுங்கள். ரேடான்-222 வாயு வெளியே போகாமல் உள்ளேயே சேர்ந்து, அதன் வழிவந்த ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டும் மணலில் இருக்கும் யுரேனியம் வழிவந்த ரேடியத்தோடு சமநிலைக்கு வர வேண்டும். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். ஏழு அரை ஆயுள் போனால் சமநிலைக்கு ஒரு சதவீதம்கூடக் குறையாது. மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவில் இந்தக் காத்திருப்பு வீண், அதனால் ஓரத்தைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள்.

படி 3: சிண்டிலேட்டர் எதைச் செய்யும், எதைச் செய்யாது

தோரியம் வழிவந்த தாலியம்-208க்கு 583இல் ஒரு முகடு. யுரேனியம் வழிவந்த பிஸ்மத்-214க்கு 609இல் ஒரு முகடு. இடைவெளி 26. சோடியம் அயோடைடில் அந்த இடத்தில் அகலம் 44 இருக்கும். இடைவெளி அகலத்துக்குச் சமமாக இருந்தால்தான் இரண்டு மேடாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். இங்கே பாதியை ஒட்டித்தான் இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு அகலமான மேடுதான் தெரியும், அதன் உச்சி 583க்கும் 609க்கும் நடுவே எங்காவது நிற்கும். அந்த உச்சியின் ஆற்றலை அட்டவணையில் தேடி, கிட்டத்தில் இருக்கும் ஏதோ ஒரு தனிமத்தின் பெயரை எழுதிவிடுவதுதான் புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு.

இதை வைத்து சிண்டிலேட்டர் உபயோகமில்லாதது என்று முடிவு கட்ட வேண்டாம். நெருக்கடி இல்லாத உயர் ஆற்றல் பகுதியில் அது நன்றாக வேலை செய்யும். தாலியத்தின் 2614, பிஸ்மத்தின் 1764, பொட்டாசியம்-40இன் 1461 மூன்றும் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கின்றன. கையில் எடுத்துச் செல்லும் கருவிகளில் இந்த மூன்றையும் சுற்றித்தான் அளவிடும் ஜன்னல் அமைத்திருப்பார்கள். கரையில் நடந்து எந்தக் கோட்டில் தோரியம் கூடுதல் என்று தேட, திரவ நைட்ரஜன் கேட்காத இந்தக் கருவியைத்தான் நான் எடுத்துப் போவேன். ஒன்று மட்டும் கவனியுங்கள். மத்தியான வெயிலில் படிகமும் குழாயும் சூடேறினால் முகடுகள் இடம் மாறிவிடும். காலையில் சரிபார்த்த கருவியை நிழலில் வைத்து மறுபடியும் சரிபார்க்காமல் மத்தியானம் எடுத்த எண்ணை நம்பாதீர்கள்.

படி 4: ஜெர்மானியத்தில் அதே மணல்

அதே டப்பாவை ஈயக் கவசத்துக்குள் ஜெர்மானியத்தின்மேல் வைத்து ஒரு இரவு முழுக்க எண்ணவிடுங்கள். டிடெக்டர் திரவ நைட்ரஜனால் மைனஸ் 196 டிகிரி பக்கம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர் குறைந்தால் உயர் மின்னழுத்தம் தானாக அணையும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இப்போது 583உம் 609உம் தனித்தனியே எழுந்து நிற்கும், நடுவில் தரை தெரியும். கீழே 239 பக்கம் போனால் இன்னும் சுவாரசியமான இடம் ஒன்று இருக்கிறது. ஈயம்-212 முகடு 238.6இல், ஈயம்-214 முகடு 242.0இல். சோடியம் அயோடைடில் இரண்டும் ஒரே கூனுக்குள் போய்விடும். ஜெர்மானியத்தின் அகலம் இங்கே சுமார் 1.1 என்பதால் இரண்டும் நன்றாகப் பிரியும். ஆனால் கருமணலில் 242 முகட்டை நம்பக் கூடாது. தோரியம் வரிசையின் ரேடியம்-224க்கு 241.0இல் ஒரு சிறு முகடு உண்டு. 242க்கு அது ஒரே ஒரு கிலோ எலக்ட்ரான்வோல்ட் தூரத்தில் நிற்பதால் இரண்டும் குழம்பும். தோரியம் நிறைந்த மணலில் இந்தக் கலப்பு பெரியது. யுரேனியம் பக்கத்தைக் கணக்கிட 352, 609 முகடுகளை எடுத்துக்கொண்டு 242ஐ விட்டுவிடுங்கள்.

படி 5: ஜெர்மானியமும் தடுமாறும் இடம்

பொட்டாசியம்-40 தரும் முகடு 1460.8இல். தோரியம் வரிசையின் ஆக்டினியம்-228க்கு 1459.1இல் ஒரு பலவீனமான முகடு. இடைவெளி 1.7தான். அங்கே நல்ல ஜெர்மானியத்தின் அகலம்கூடச் சுமார் 1.9. அப்படியானால் இரண்டு உச்சியாகத் தெரியாது, இடது பக்கம் சற்றே தோள் தூக்கிய ஒற்றை முகடாகத்தான் தெரியும். நான் ஏமாந்தது இங்கேதான்.

ஒரு கணக்காகப் பார்ப்போம். புரிவதற்காக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். ஒரு கருமணல் மாதிரியில் 911 முகட்டில் 20,000 எண்ணிக்கை. இதுவும் ஆக்டினியம்-228தான், ஆனால் தனித்து நிற்கும் வலுவான முகடு. 1460 பக்கத்தில், அறையின் பின்னணியைக் கழித்த பிறகு, மொத்தம் 1,500. ஆக்டினியம் சிதைவுகளில் 911 கதிர் வருவது 25.8 சதவீதம், 1459 கதிர் வருவது 0.83 சதவீதம். டிடெக்டரின் திறன் 911இல் இருப்பதைவிட 1459இல் குறைவு, அந்த விகிதம் 0.68 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் டிடெக்டருக்கு உங்கள் திறன் வளைகோட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

```
N_K = N_1460 − N_911 × (0.83 / 25.8) × (eff_1459 / eff_911)
    = 1500 − 20000 × 0.0322 × 0.68
    ≈ 1500 − 440 = 1060
```

பொட்டாசியத்துக்கு உரியது 1,060தான். கழிக்காமல் விட்டால் 42 சதவீதம் கூடுதலாகச் சொல்லியிருப்போம்.

சரி, கணக்குப் போடும் முன்பே இங்கே கலப்பு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு அடையாளம் உண்டு. முதலாவது அகலம். இந்த மாதிரியில் முகட்டின் அரை உயர அகலம் 2.6 பக்கம் வரும். படி 1இல் போட்ட வரைபடம் அந்த இடத்தில் 1.9 என்று சொல்லும். தனி முகடு இவ்வளவு விரியாது. இரண்டாவது முகட்டின் மையம். கலப்பால் அது 1460.8இலிருந்து சுமார் 0.5 இறங்கி 1460.3இல் நிற்கும். ஆற்றல் அளவீட்டை 0.1க்குள் சரியாக வைத்திருந்தால் இந்த நகர்வு தெளிவாகத் தெரியும். அளவீடே தள்ளாடினால் எது நகர்வு, எது பிழை என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் சோதனை மூலத்தை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறேன்.

மென்பொருளில் இரண்டு முகடுகளைப் பொருத்தச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம், ஆனால் அகலத்தையும் இரண்டு மையங்களையும் நீங்களே நிலையாகக் கொடுத்துவிட்டு, உயரங்களை மட்டும் தேடவிடுங்கள். எல்லாவற்றையும் அதன் போக்கில் விட்டால், குறைந்த எண்ணிக்கையில் அது அகலத்தைக் கூட்டி ஒரே முகடாகப் பொருத்திவிட்டு, அழகான கோடு ஒன்றைக் காட்டும். அதைவிட 911ஐ வைத்துக் கழிக்கும் முறையைத்தான் நான் முதலில் செய்கிறேன், பொருத்தலை அதைச் சரிபார்க்க வைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, இதே கழித்தலை மண்டபம் பக்கத்துச் சிப்பி மணலுக்கும் செய்து பாருங்கள். அங்கே 911 முகட்டில் 300 எண்ணிக்கைதான் வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1460இலிருந்து கழிக்க வேண்டியது வெறும் 7.