உறிஞ்சுகுழிக்குப் பதில் வாய்க்கால்: என் அனுபவம்

மழைக்காலத்தில் எங்கள் செப்டிக் டேங்க்குக்கு அடுத்த உறிஞ்சுகுழி நிரம்பி நின்றது. குழியை இன்னும் ஆழப்படுத்தலாம் என்றார் மேஸ்திரி. மண் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று தெரியாமல் அளவு சொல்ல முடியாது.

குழிக்குப் பதில், ஜல்லி போட்டு மூடி, கழிவுநீரை மண்ணுக்குள் பரவலாக இறக்கும் நீள வாய்க்காலும் வெட்டலாம். அது வரும் ஆழத்தில் நாலு அங்குல அகலத் துளை போட்டு, ராத்திரி முழுக்க நீரில் ஊறவிட்டு, மறுநாள் ஆறு அங்குலத்துக்கு நீர் ஊற்றினேன். ஓர் அங்குலம் இறங்க 36 நிமிடம். 30 நிமிடத்தைத் தாண்டினால் குழி சரிவராது, வாய்க்கால்தான். மண் எவ்வளவு நீரை ஏற்கும் என்பதற்கான சூத்திரப்படி, 204-ஐ 36-இன் வர்க்கமூலமான 6-ஆல் வகுத்தால், சதுர மீட்டருக்கு நாளைக்கு 34 லிட்டர். ஐந்து பேருக்கு 500 லிட்டர் என்றால், சுமார் 15 சதுர மீட்டர் அடிப்பரப்பு வேண்டும்.

முக்கால் மீட்டர் அகலத்தில், இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு, பத்துப் பத்து மீட்டராக இரண்டு வாய்க்கால் வெட்டினோம். 30 செ.மீ. உயரத்துக்குக் கழுவிய 40 மி.மீ. ஜல்லி: 4.5 கன மீட்டர், அதாவது ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. ஜல்லிக்கு நடுவே, துளைகள் கீழ்ப்பக்கம் இருக்கும்படி நாலு அங்குல பிவிசி குழாய். ஆறு மீட்டர் நீளத்தில் நாலு வாங்கினால் இணைப்புக்கும் மிஞ்சும். ஜல்லிமேல் வைக்கோல் பரப்பிய பிறகே மண் போட வேண்டும், இல்லாவிட்டால் மண் இறங்கி ஜல்லியை அடைத்துவிடும்.