ஆங்கில ஸ்பெல்லிங்: எழுத்தை நம்பி வாசித்தால் எங்கே சறுக்கும்?

ரசீதைக் குறிக்கும் 'ரிசீட்' என்ற சொல்லை 'ரிசிப்ட்' என்று சொல்பவர்களை இன்றும் கடைகளில் கேட்கலாம். குழாய் வேலை செய்பவர் தமிழில் 'பிளம்பர்' ஆகிவிட்டார், ஆங்கிலத்தில் அவர் 'பிளமர்' தான். எழுத்தில் இருப்பதை அப்படியே வாய்விட்டுச் சொல்வது தமிழ் படித்து வளர்ந்தவர்களுக்கு இயல்பு. கல், அகம், தங்கம் ஆகிய மூன்றிலும் 'க' வேறுவேறு விதமாக ஒலித்தாலும், சொல்லில் அது நிற்கும் இடத்தை வைத்தே ஒலியைச் சொல்லிவிடலாம். அதே நம்பிக்கையோடு ஆங்கிலத்தை அணுகுவதுதான் முதல் தவறு.

இரண்டாவது தவறு, ஊமை எழுத்து எல்லாமே ஒரு காலத்தில் ஒலித்தது என்று நினைத்துக்கொள்வது. சில எழுத்துகள் உண்மையிலேயே ஒலித்தவை. குதிரை வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லைப் பாருங்கள்: கே, என், ஐ, ஜி, எச், டி. பழைய ஆங்கிலத்தில் அந்த 'கே' உச்சரிக்கப்பட்டது. நடுவில் வரும் ஜி, எச் இரண்டும் தொண்டையை உரசி வரும் ஒரு காற்றொலிக்காக எழுதப்பட்டவை. கிட்டத்தட்ட 'க்னிஹ்ட்' என்று வரும். ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் முழங்காலை இன்றும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் தொண்டை ஒலி முதலில் தேய்ந்தது, 17ஆம் நூற்றாண்டு வாக்கில் முன்னால் இருந்த 'க்' ஒலியும் உதிர்ந்தது. எழுத்து மட்டும் நின்றுவிட்டது.

ஆனால் கடன் என்ற பொருளில் வரும் 'டெட்' வேறு கதை. இதை டி, ஈ, பி, டி என்று எழுதுகிறோம். நடுவில் உள்ளது 'பால்' என்ற பந்தில் வரும் பி. இந்த எழுத்து ஆங்கிலத்தில் ஒருநாளும் ஒலித்ததில்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல் 'டெத்தெ' போல ஒலித்தது, எழுத்திலும் பி இல்லை. பிறகு லத்தீன் மோகம் பிடித்த படிப்பாளிகள், இதன் மூலச்சொல் 'டெபிடும்' ஆயிற்றே, அந்த பி எங்கே போயிற்று என்று கேட்டு உள்ளே செருகிவிட்டார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் 'டவுட்' என்ற சொல்லுக்கும் இதே கதி. ரிசீட்டுக்குள் நுழைந்த எழுத்தும் இப்படி லத்தீனைப் பார்த்து வந்ததுதான். அதே குடும்பத்தைச் சேர்ந்த 'டிசீட்', 'கன்சீட்' ஆகியவற்றுக்குள் அது நிலைக்கவில்லை. ஆக, செருகியவர்களும் ஒழுங்காகச் செருகவில்லை.

இதை அந்தக் காலத்திலேயே ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். 1598இல் அச்சான 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஷேக்ஸ்பியர் ஒரு பள்ளி வாத்தியாரைக் கொண்டுவருகிறார். டவுட், டெட் என்ற சொற்களில் வரும் பியைச் சொல்லாமல் விடுகிறார்களே என்று அவர் பொருமுகிறார். அந்த வாத்தியாரின் வாரிசுகள் நம் ஊரிலும் உண்டு.

சில நேரம் செருகியதே தப்பாகவும் போனது. தீவு என்ற பொருளில் வரும் 'ஐலண்ட்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், அதில் எஸ் இல்லை. 'ஐல்' என்ற பிரெஞ்சு வழி வந்த இன்னொரு சொல்லுக்கு லத்தீன் 'இன்சுலா' மூலம் என்பதால் அதில் எஸ் உண்டு. இரண்டும் ஒரே பொருள், ஒரே மாதிரி ஒலி. எனவே உறவு என்று எண்ணி ஐலண்டுக்கும் ஓர் எஸ் கொடுத்துவிட்டார்கள். உறவே கிடையாது.

மூன்றாவது தவறு உயிரெழுத்துகளில் நடக்கிறது, இதில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். துறவியைக் குறிக்கும் சொல்லை எம், ஓ, என், கே என்று பார்த்தவுடன் 'மாங்க்' என்கிறோம். சரியான ஒலி 'மங்க்'. சன், கம், லவ், டங் எல்லாவற்றிலும் இதே விஷயம்: எழுதுவது ஓ, ஒலிப்பது அ. மகனுக்குப் பழைய ஆங்கிலச் சொல் 'சுனு'. அதில் யூ எழுத்துதான் இருந்தது.

பிறகு ஏன் மாறியது? 1066இல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு எழுதும் வேலையில் பிரெஞ்சு வழக்கம் புகுந்தது. அன்றைய கையெழுத்தில் ஐ, யூ, என், எம் எல்லாமே குட்டையான செங்குத்துக் கோடுகள்தான். ஒரு கோடு போட்டால் ஐ, இரண்டு போட்டால் யூ அல்லது என், மூன்று போட்டால் எம். 'வி'க்கும் யூவுக்கும் தனித்தனி வடிவம்கூட நிலைபெறவில்லை. யூவும் என்னும் பக்கத்தில் வந்தால் நான்கு கோடு வரிசையாக நிற்கும், எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. வாசிப்பவர் தடுமாறக் கூடாது என்று யூவுக்குப் பதில் வட்டமான ஓவைப் போட்டார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஒலி அப்போது 'உ' தான். தென் இங்கிலாந்தில் அது பின்னால் அ போல மாறியது. வட இங்கிலாந்தில் இன்றும் 'லுவ்' என்பதுபோலத்தான் பலர் சொல்கிறார்கள்.

இதற்கு நல்ல சாட்சி லண்டன். எழுத்துப்படி வாசித்தால் 'லொண்டொன்' என்றுதான் வர வேண்டும். நாம் காதால் கேட்டு எழுதியதால் தமிழில் சரியாக எழுதிவிட்டோம். எனவே எம், என், வி ஆகியவற்றை ஒட்டி ஓ வந்தால் 'அ'வாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வைத்துக்கொள்வது நல்லது. சந்தேகம் மட்டும்தான், விதி அல்ல. நகர்வதற்கான 'மூவ்' உடனே காலை வாரிவிடும்.

நெட்டுயிர்கள் கெட்டதற்குக் காரணம் தனி. சுமார் 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறின. அதற்கு முன் 'நேம்' ஏறக்குறைய 'நாம' என்றும், 'டைம்' ஏறக்குறைய 'டீம' என்றும் ஒலித்தன. எழுத்தைப் பார்த்தால் அது நியாயமாகவே இருக்கும். இந்த மாற்றத்தின் நடுவில், 1476இல், வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் தொடங்கினார். அச்சகங்கள் பெரும்பாலும் பழைய எழுத்து வழக்கையே எடுத்துக்கொண்டன, பேச்சோ ஓடிக்கொண்டே இருந்தது. இதற்காகக் காக்ஸ்டன் ஒருவர் தலையிலேயே பழியைப் போடுவதும் தவறு. அவர் காலத்துக்குப் பிறகும் ஒரே சொல்லைப் பல விதமாக அச்சிட்டார்கள். 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வந்தபோதுதான் பெரும்பாலும் படிந்துவிட்ட வழக்கத்துக்கு முத்திரை விழுந்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் விதியே கிடையாது, எல்லாம் மனப்பாடம்தான் என்று முடிவுகட்டுவது கடைசித் தவறு. ஊமை எழுத்தைச் சந்தித்தால் அந்தச் சொல்லின் உறவுக்காரரைத் தேடுங்கள். 'சைன்' என்பதில் பேசாத ஜி, 'சிக்னல்', 'சிக்னேச்சர்' இரண்டிலும் வாய் திறக்கும். தசையைக் குறிக்கும் 'மஸில்' சொல்லில் மௌனமாக உள்ள சி, 'மஸ்குலர்' ஆகும்போது 'க்' என்று ஒலிக்கும். டெட்டில் ஊமையாக இருக்கும் பி, வங்கிக் கணக்கில் 'டெபிட்' ஆக வந்து நிற்கும். இதனால் ஸ்பெல்லிங் மறக்காது, சொல்லும்போது விட வேண்டிய எழுத்து எது என்பதும் பிடிபடும்.

உறவுக்காரர் இல்லாத சொற்களுக்கு இந்த வழி உதவாது. ராணுவக் 'கர்னல்' அப்படிப்பட்டவர். எழுத்தில் இரண்டு எல் உண்டு, முதல் எல் இருக்கும் இடத்தில் நாம் சொல்வது 'ர்'. இத்தாலியில் அது எல்லோடுதான் இருந்தது. பிரெஞ்சில் அந்த எல் ஆர் ஆகி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு இத்தாலிய வடிவத்தைப் பார்த்து எழுத்தை மட்டும் திருத்தினார்கள், பேச்சில் ஆர் போகவில்லை. இப்படிப்பட்ட சொற்களுக்கு அகராதியின் ஒலிப்பதிவை ஒருமுறை கேட்பதுதான் வழி.