குவிக் ஷேர் தானாக அணைவது ஏன்? கோப்பு அனுப்பும்போது செய்யும் தவறுகள்

இரண்டு ஆண்ட்ராய்டு போன்களுக்கு இடையே ஒரு வீடியோவை அனுப்ப வேண்டும் என்றதும் பலர் முதலில் என்எஃப்சியை இயக்கிவிட்டு, போன்களின் முதுகை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கிறார்கள். எதுவும் நடப்பதில்லை. இப்பழக்கம் ஆண்ட்ராய்டு பீம் காலத்தில் வந்தது. 2011-இல் அறிமுகமான அந்த வசதியை 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோதே கூகுள் கைவிட்டுவிட்டது. அமைப்புகளில் இன்றும் இருக்கும் என்எஃப்சி பொத்தான் பணம் செலுத்துவதற்கும், அட்டைகளையும் டேக்குகளையும் படிப்பதற்கும் உரியது.

கோப்பைச் சுமக்கும் வலிமையும் அதற்கு இல்லை. போன்களில் என்எஃப்சியின் வேகம் பொதுவாக நொடிக்கு 424 கிலோபிட்டைத் தாண்டாது. 300 எம்பி வீடியோவை அந்த வேகத்தில் அனுப்பினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை இரு போன்களையும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் அசையாமல் வைத்திருக்க வேண்டும். பழைய பீமிலும் என்எஃப்சி செய்தது இரு போன்களையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தியது மட்டுமே. கோப்பு புளூடூத் வழியாகத்தான் போனது. ஆகவே கோப்பு போகவில்லை என்றால் என்எஃப்சியை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை.

இன்று அந்த வேலையைச் செய்வது குவிக் ஷேர். 2020-இல் நியர்பை ஷேர் என்ற பெயரில் வந்து, 2024-இல் சாம்சங்கின் குவிக் ஷேருடன் இணைந்த அதே வசதிதான். அருகிலுள்ள போனைப் புளூடூத் கண்டுபிடிக்கும். கோப்பைப் பெரும்பாலும் இரு போன்களுக்கும் இடையிலான நேரடி வைஃபை இணைப்பு சுமக்கும். ஆகவே இரண்டையும் இயக்கி வைத்திருக்க வேண்டும். இருப்பிட வசதியும் இயங்க வேண்டும் என்று சில போன்கள் கேட்கும்.

இனி, அதிகமானோரை எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருவோம். குவிக் ஷேர் அமைப்பில் "யார் எனக்கு அனுப்பலாம்" என்ற இடத்தில் Everyone, அதாவது அருகிலுள்ள எவரும், என்று வைக்கிறோம். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அது பழைய நிலைக்கே திரும்பியிருக்கிறது. போன் பழுது என்று நினைத்து மறுதொடக்கம் செய்பவர்களும், எல்லா அமைப்புகளையும் அழித்துவிடுபவர்களும் உண்டு. அது பழுதல்ல. பத்து நிமிடம் முடிந்ததும் திரும்பிவிடும்படியே அதை அமைத்திருக்கிறார்கள். ஐபோனின் ஏர்டிராப்பிலும் ஐஓஎஸ் 16.2 முதல் இதே பத்து நிமிட வரம்பு உண்டு. கூட்டமான இடங்களில் முகம் தெரியாதவர்கள் வேண்டாத படங்களை அனுப்பித் தொல்லை கொடுக்க, திறந்தே கிடக்கும் போன் வசதியாகிவிடுகிறது. அந்த வாசல் தானாகச் சாத்திக்கொள்வது நல்லது என்றே நான் கருதுகிறேன். சில போன்களில் பத்து நிமிட வரம்பை நீக்கும் வழி இருக்கிறது; அதைத் தொட வேண்டாம்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். வழக்கமாகப் பெறுபவர் முதலில் Everyone-ஐ இயக்கிவிட்டுக் காத்திருக்கிறார். அனுப்புபவரோ அதன் பிறகுதான் கேலரியைத் திறந்து, நானூறு படங்களுக்கு நடுவே அந்த வீடியோவைத் தேடுகிறார். அதற்குள் பெறுபவரின் திரை அணைந்துவிடுகிறது. அணைந்த, பூட்டிய திரையுள்ள போன் பட்டியலில் தெரியாமல் போகலாம். மாறாக, அனுப்புபவர் வீடியோவைத் தேர்ந்தெடுத்து, பகிர்தலை அழுத்தி, குவிக் ஷேர் பட்டியல் திறக்கும் வரை வரட்டும். அதன் பிறகு பெறுபவர் திரையைத் திறந்து Everyone-ஐ இயக்கினால் போதும். பத்து நிமிடம் தாராளமாகப் போதும்.

ஒரே ஆளோடு அடிக்கடி பகிர்பவர்களுக்கு Contacts நிலைதான் சரி; அது காலாவதி ஆவதில்லை. இங்கேயும் ஒரு தவறு காத்திருக்கிறது. தொலைபேசி எண்ணை மட்டும் சேமித்துவிட்டு, "தொடர்பில் இருக்கிறாரே, ஏன் தெரியவில்லை" என்று குழம்புகிறார்கள். கூகுளின் குவிக் ஷேர் ஆளை அடையாளம் காண்பது கூகுள் கணக்கை வைத்து. ஆகவே அவர் போனில் பயன்படுத்தும் ஜிமெயில் முகவரியை, உங்கள் கூகுள் கணக்கில் உள்ள அவருடைய தொடர்பில் சேருங்கள். அவரும் உங்கள் முகவரியை அப்படியே சேர்த்துக்கொள்ளட்டும்.

பத்து நிமிடம் ஆகும் முன்பே குவிக் ஷேர் அணைந்தால் காரணம் வேறு. அப்போது மேலிருந்து இழுக்கும் பலகையில் புளூடூத்தையும் வைஃபையையும் பாருங்கள். அவையும் சேர்ந்து அணைந்திருந்தால் ஃபிளைட் மோட், கடுமையான பேட்டரி சேமிப்பு, அல்லது குறிப்பிட்ட நேரத்தில் அமைப்புகளை மாற்றும்படி நீங்களே எப்போதோ அமைத்த தானியங்கி விதி, இம்மூன்றில் ஒன்றாக இருக்கும். அவை இயங்கிக்கொண்டே இருந்தும் பகிர்தல் மறுத்தால், ஹாட்ஸ்பாட் இயங்குகிறதா என்று பாருங்கள். பல போன்களில் அது வைஃபையைப் பிடித்துக்கொள்வதால் கோப்புக்கு வழி கிடைக்காது. கோப்பு போகிறது, ஆனால் ஆமை வேகத்தில் ஊர்கிறது என்றால், வைஃபை இணைப்பு அமையாமல் முழுச் சுமையும் புளூடூத்தின் தலையில் விழுந்திருக்கலாம். அப்போது அனுப்புவதை நிறுத்தி, இரு போன்களிலும் வைஃபையை ஒருமுறை அணைத்து இயக்கிவிட்டு மீண்டும் அனுப்புங்கள்.