பழஞ்சோறு: தண்ணீர் ஊற்றிய நேரத்திலிருந்து கணக்குப் பார்க்காதீர்கள்

வெள்ளவத்தையில் இருக்கும் என் சித்தி வீட்டில் போன வருடம் நடந்தது இது. பகல் பன்னிரண்டு மணிக்கு ரைஸ் குக்கரில் சம்பா அரிசிச் சோறு சமைத்திருக்கிறார். சாப்பிட்டு மிஞ்சியது குக்கரிலேயே, சுவிட்ச் அணைத்து மூடியபடி கிடந்தது. இரவு பத்தரைக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து, காலை ஏழு மணிக்கு வெங்காயமும் பச்சை மிளகாயும் தயிரும் போட்டுப் பிசைந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒன்பது மணிக்குத் தம்பிக்குச் சத்தி தொடங்கியது. அடுத்தது சித்திக்கு.

"இரவுதானே தண்ணி ஊத்தினனான், அதுக்குள்ள எப்பிடிப் பழுதாகும்?" என்று சித்தி திரும்பத் திரும்பக் கேட்டார். வைத்தியர் கேட்டதோ வேறு கேள்வி: சோறு வெந்தது எப்போது?

அதுதான் சரியான கேள்வி. அரிசியில் இயல்பாகவே பசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு கொதிக்கும்போது அவை சாவதில்லை. சோறு ஆறி இளஞ்சூட்டுக்கு வந்ததும் முளைத்துப் பெருகத் தொடங்கும். மூடிய குக்கருக்குள் சோறு மெல்ல மெல்லத்தான் ஆறும் என்பதால், அவற்றுக்குப் பிடித்த சூடு மணிக்கணக்காக அங்கேயே நிற்கும். அந்த நேரத்தில் அவற்றில் சில வகைகள் சோற்றில் ஒரு நச்சை விட்டுவிடும். சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் சத்தி வருவது பெரும்பாலும் அந்த நச்சால்தான்.

சித்தி சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றியபோது பத்தரை மணி நேரம் ஏற்கனவே போய்விட்டது. பழஞ்சோற்றைக் காப்பாற்றுவது புளிப்பு. தண்ணீரில் வளரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து மற்றக் கிருமிகளை அடக்கும். ஆனால் அந்தப் புளிப்பு, ஏற்கனவே சோற்றில் இறங்கிய நச்சை அழிக்காது.

காலையில் சுட வைத்துச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இந்த நச்சு 121 பாகை செல்சியசில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாங்கும். நம் அடுப்பு அதை ஒன்றும் செய்யாது. அதற்கு மணமோ சுவையோ இல்லை என்பதால் முகர்ந்து பார்த்தும் பிடிக்க முடியாது.

ஆகவே பழஞ்சோற்றுக்கு இரவுச் சோறுதான் நல்லது. எட்டு மணிக்குச் சமைத்தால், மிஞ்சப் போவதை முதலிலேயே அகலத் தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். ஆறியதும், ஒரு மணி நேரத்துக்குள், கொதித்து ஆறிய தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரல் நிற்கும் அளவு ஊற்றுங்கள். முந்தின நாள் நல்ல பழஞ்சோற்றுத் தண்ணீர் இருந்தால் ஒரு கரண்டி சேர்க்கலாம், புளிப்பு சீக்கிரம் தொடங்கும். அது இல்லாவிட்டால் ஒரு கரண்டி புளித்த தயிர். பகல் சோறுதான் இருக்கிறது என்றால், சாப்பாடு முடிந்த கையோடு ஆறவைத்து பிரிட்ஜில் வைத்துவிட்டு இரவில் எடுத்து ஊறப்போடுங்கள். குக்கரில் விட்டுவிடாதீர்கள்.

வெங்காயம், தேங்காய்ப்பால், பழைய மீன் குழம்பு எல்லாம் காலையில்தான் சேர வேண்டும். இரவிலேயே கலந்தால் அவை தங்கள் கிருமிகளையும் கொண்டுவரும். தேங்காய்ப்பால் அந்தச் சூட்டில் விரைவில் கெட்டும் போகும்.

கொழும்பில் இரவிலும் வீட்டுக்குள் வெக்கை குறைவதில்லை. அதனால் எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறினால் போதும். நுவரெலியாக் குளிரில் வளர்ந்தவர் அங்கே நெடுநேரம் ஊறவைத்த பழக்கத்தில் இங்கேயும் மதியம் வரை வெளியே வைத்தால் சோறு கெட்டுவிடும். காலையில் சாப்பிடாத மிச்சத்தை பிரிட்ஜில் வைத்து அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

அப்புறம், பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒன்று. காலையில் தண்ணீர் துளியும் புளிக்கவில்லை என்றால் "பழுதாகவில்லை" என்று மகிழ்வார்கள். பத்து மணி நேரம் வெக்கையில் இருந்தும் புளிக்காத தண்ணீரில் காவல் இல்லை என்றுதான் அர்த்தம். அதைச் சாப்பிடாதீர்கள். நல்ல பழஞ்சோற்றில் மோர் போன்ற மெல்லிய புளிப்பு மணம் வரும். பருக்கை மெத்தென்று இருந்தாலும் தனித்தனியாக நிற்கும். விரலில் எடுத்தால் நூல் நூலாக இழுபட்டாலோ, வழுவழுப்பாக இருந்தாலோ, அழுகிய வாடை வந்தாலோ, மேலே இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று எந்த நிறப் பொட்டு தெரிந்தாலோ முழுச் சட்டியையும் கொட்டுங்கள். மேலாக அள்ளி எறிந்துவிட்டு அடியில் உள்ளதைச் சாப்பிடக் கூடாது.

சித்தி இப்போதும் பழஞ்சோறு போடுகிறார். எட்டரைக்குத் தட்டில் சோற்றைப் பரப்பிவிட்டுத்தான் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்.