டெசிபெல்லைக் கூட்டும்போது காணாமல் போகும் 10 டெசிபெல்

ஆம்ப்ளிஃபையர் கட்டப் பழகுகிறவர்கள் பலர் ஒவ்வொரு ஸ்டேஜின் கெயினையும் டெசிபெல்லில் பேப்பரில் சரியாகக் கூட்டிவிட்டு போர்டில் கோட்டை விடுகிறார்கள். கால்குலேட்டரில் தவறான பட்டனை அமுக்குவதை எல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

10-ஆ, 20-ஆ?

வோல்டேஜ் விகிதத்துக்கு 20 log(Vout/Vin). பவருக்குத்தான் 10.

மைனஸ் குறியை log-க்குள் போடுவது

கெயின் −10 என்றாலும் 20 டெசிபெல்தான். மைனஸ், சிக்னல் தலைகீழாகிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

தனித்தனியாக அளந்து கூட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஒரு தம்பி இரண்டு ஸ்டேஜ் மைக் ப்ரீஆம்ப் கொண்டுவந்தார். முதல் ஸ்டேஜை மட்டும் தனியே அளந்தால் 100 மடங்கு, அதாவது 40 டெசிபெல். இரண்டாவது 20 மடங்கு, 26 டெசிபெல். விகிதங்களைப் பெருக்கினால் 2000. டெசிபெல்லைக் கூட்டினால் 66. இரண்டும் ஒன்றேதான், கணக்கில் பிழையில்லை. ஆனால் 1 மில்லிவோல்ட் கொடுத்தால் 2 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 0.64 வோல்ட்தான் வந்தது. பாவம், டிரான்சிஸ்டர் மேல் பழியைப் போட்டு அதை மாற்றிக்கொண்டிருந்தார்.

முதல் ஸ்டேஜில் கலெக்டர் ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம். அந்த ஸ்டேஜின் அவுட்புட் இம்பீடன்ஸும் ஏறக்குறைய அவ்வளவுதான். அடுத்த ஸ்டேஜின் இன்புட் இம்பீடன்ஸ் 2.2 கிலோ ஓம். இரண்டையும் இணைத்தவுடன் அவை வோல்டேஜ் டிவைடர் ஆகிவிடுகின்றன: 2.2/(4.7+2.2), அதாவது 0.32. டெசிபெல்லில் −9.9. ஆக உண்மையான கணக்கு 40 − 9.9 + 26, சுமார் 56 டெசிபெல்.

கண்டுபிடிப்பது சுலபம். முதல் ஸ்டேஜின் கலெக்டரில் ஸ்கோப்பை வைத்து, கப்ளிங் கெபாசிட்டரின் ஒரு காலைக் கழற்றிப் பாருங்கள். 100 மில்லிவோல்ட் இருக்கும். காலைத் திரும்பப் பற்றவைத்தால் 32-க்கு இறங்கும். டிரான்சிஸ்டர் கெட்டிருந்தால் காலைக் கழற்றினாலும் அந்த 100 வராது. கூட்ட வேண்டிய கெயின், அடுத்த ஸ்டேஜ் மாட்டியிருக்கும்போது அளந்ததுதான்: 32 மடங்கு, 30 டெசிபெல்.

அப்புறம் அந்தத் தம்பியிடம் இடையில் ஒரு எமிட்டர் ஃபாலோயர் போடச் சொன்னேன். "அதன் கெயின் 0 டெசிபெல்தானே, சார்?" என்றார். ஆமாம், கூட்டலில் அது எதையும் சேர்க்காது. ஆனால் அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் சில பத்து ஓம்தான். 2.2 கிலோ ஓமை மாட்டினால் கால் டெசிபெல்கூட இறங்காது. முதல் ஸ்டேஜுக்கும் பாரம் தெரியாது. போட்டதும் மொத்தக் கெயின் 66-ஐ ஒட்டி வந்துவிட்டது.

ஆப்-ஆம்ப் என்றால்?

ஃபீட்பேக் இருப்பதால் அவுட்புட் இம்பீடன்ஸ் மிகக் குறைவு. பெரும்பாலும் அப்படியே கூட்டலாம். நடுவில் வால்யூம் கன்ட்ரோல் வைத்தால் மட்டும் அதன் கழிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.