கனமான கலப்பை, குதிரைக் கழுத்துப்பட்டை, பயிர்ச் சுழற்சி: கதை சொல்லும்போது செய்யும் தவறுகள்

கனமான கலப்பை, குதிரைக் கழுத்துப்பட்டை, பயிர்ச் சுழற்சி மூன்றும் சேர்ந்து இடைக்கால வட ஐரோப்பாவில் விளைச்சலைக் கூட்டிய கதையில் பலரும் சறுக்குவது 'விளைச்சல்' என்ற சொல்லிலேயேதான். ஏக்கருக்கு ஏக்கர் கோதுமை கொட்டோ கொட்டென்று கொட்டியதாக நினைத்துக்கொள்கிறோம். 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பண்ணைக் கணக்குகளைப் பார்த்தால், ஒரு படி கோதுமை விதைத்தால் சுமார் நான்கு படிதான் கிடைத்திருக்கிறது, அதிலும் ஒரு படியை அடுத்த விதைப்புக்கு எடுத்துவைக்க வேண்டும்.

அப்படியானால் எது கூடியது? 180 ஏக்கர் உள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் பாதி நிலத்தில் பயிர், பாதி தரிசு. தரிசைச் சும்மா விட முடியாது, களையை அழிக்க அதை இரண்டு முறை உழ வேண்டும். ஆக 90 ஏக்கர் பயிருக்கு 90-ம் 180-ம் சேர்த்து 270 ஏக்கர் உழவு. நிலத்தை மூன்றாகப் பிரிக்கும் பயிர்ச் சுழற்சியில் 60 ஏக்கரில் இலையுதிர்காலத்தில் கோதுமையோ ரையோ விதைப்பார்கள், 60-ல் வசந்தத்தில் ஓட்ஸ், பார்லி, பட்டாணி, மீதி 60 தரிசு. இப்போது பயிர் 120 ஏக்கர், உழவோ 240 ஏக்கர்தான்! வேலை குறைந்து விதைத்த நிலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. இரண்டு விதைப்பு இருந்ததால் ஒன்று பொய்த்தாலும் மற்றது கைகொடுத்தது, உழவு வேலையும் ஆண்டு முழுக்கப் பரவியது.

அடுத்த தவறு, கழுத்துப்பட்டை வந்ததும் மாட்டை விரட்டிவிட்டுக் குதிரை ஏரில் ஏறிவிட்டது என்பது. தோளில் பாரம் தாங்கும் அந்தப் பட்டையால் குதிரை நன்றாக இழுத்தது என்பது சரிதான். ஆனால் அதற்கு ஓட்ஸ் வேண்டும், லாடம் வேண்டும், செத்தால் தோல்தான் மிச்சம். வயதான மாட்டையோ கொழுக்க வைத்துச் சாப்பிடலாம். 13ஆம் நூற்றாண்டில் பண்ணை நிர்வாகம் பற்றி எழுதிய வால்டர் ஆஃப் ஹென்லி இந்தக் கணக்கைப் போட்டுத்தான் மாட்டின் பக்கம் நிற்கிறார். இங்கிலாந்தில் குதிரைகள் முதலில் பரம்படிக்கவும் வண்டி இழுக்கவும்தான் அதிகம் பயன்பட்டன. அந்த ஓட்ஸும் எங்கிருந்து வரும்? வசந்த விதைப்பிலிருந்துதான், அதனால் குதிரையைச் சுழற்சியிலிருந்து பிரித்துப் பேசினால் கதை பாதியில் நிற்கும்.

கலப்பையையும் 'பெரிய கலப்பை' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதன் சூட்சுமம் எடையில் மட்டும் இல்லை. முன்னே ஒரு கத்தி மண்ணை நெடுக்காக வெட்டும், கொழு அடியில் அறுக்கும், பக்கத்திலுள்ள வளைந்த பலகை அந்த மண்கட்டியைத் தலைகீழாகப் புரட்டும். களை புதையும், ஒரே பக்கமாகப் புரட்டிப் புரட்டி நடுவில் மேடும் ஓரத்தில் பள்ளமும் உருவாகும், ஈரக் களிமண்ணில் தேங்கும் மழைநீர் அந்தப் பள்ளம் வழியே வடிந்துவிடும். இந்தக் கலப்பையைத் திருப்புவது பெரும்பாடு என்பதால்தான் வயல்களே நீளநீளப் பட்டைகளாக மாறின.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, தெற்கே மத்தியதரைக் கடல் விவசாயி சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே மண் லேசானது, ஈரத்தைக் காப்பாற்ற மேலாகக் கீறினாலே போதும். கோடையில் மழையும் இல்லை, வசந்தத்தில் விதைத்தால் கருகிப்போகும்.